ஏப்ரலில் 3.59, மே மாதம் 4.19: ஒரு வேளை உணவின் செலவு எப்படிக் கணக்கிடப்படுகிறது?

வாசகியின் கடிதம்

"பேராக்கில் ஒரு தோட்டப்புறச் சிறுநகரம். எங்கள் தமிழ்ப்பள்ளிச் சிற்றுண்டிச்சாலையை ஓர் அறநிதி நடத்துகிறது. 120 பிள்ளைகளுக்கு இலவசக் காலை உணவு. நான் அறங்காவலர்களில் ஒருத்தி, கணக்குப் படித்தவள் இல்லை. எங்கள் பொருளாளர் தோட்டத்தில் கிராணியாக இருந்து ஓய்வு பெற்ற பெரியவர். ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஏப்ரலில் 3 வெள்ளி 59 காசு, மே மாதம் 4 வெள்ளி 19 காசு என்று காட்டுகிறார். அதே சமையல்காரர், அதே சாப்பாடு. கோழிக்கறி நாளுக்குப் பொருள் செலவு 1.95 என்கிறார். நானே தட்டில் இருப்பதை நிறுத்துப் பார்த்தேன், 1.45 தான் வருகிறது. மே மாதப் பில்களைக் கூட்டினால் 3,504 வெள்ளி, அவர் கணக்கில் 3,024. பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளைகள் 15 பேரைச் சேர்க்கலாம் என்றேன். 'ஆளுக்கு 4.19 வீதம் ஆண்டுக்குப் பன்னிரண்டாயிரம் ஆகும், முடியாது' என்றுவிட்டார். மரியாதைக்குரியவர், நேரடியாகக் கேட்கத் தயக்கமாக இருக்கிறது. எங்கோ பணம் ஒழுகுகிறதா? கணக்குத் தாள்களை இணைத்திருக்கிறேன்."

பதில்

அன்புள்ள சகோதரிக்கு,

தாள்களை வரி வரியாகப் பார்த்தேன். நிதி அதிகாரியாக வேலை செய்பவன் என்பதால் முதலில் உங்கள் மனதை உறுத்துவதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். இந்தத் தாள்களில் பணம் ஒழுகியதற்கான அடையாளம் எனக்குத் தெரியவில்லை. பெரியவர் போட்ட கூட்டல், வகுத்தல் எல்லாம் சரி. ஆனால் அந்த 15 பிள்ளைகள் விஷயத்தில் அவர் தப்பான எண்ணை எடுத்துப் பெருக்கிவிட்டார். அந்த இடத்தில் நீங்கள் விடாமல் கேட்கத்தான் வேண்டும். கேட்பதற்கு முன்னால் மற்ற மூன்றும் உங்களுக்குத் தெளிவாக வேண்டும், இல்லாவிட்டால் கூட்டத்தில் பேச்சு சந்தேகத்திலேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

தட்டில் நிறுத்தால் ஏன் குறைவாக வருகிறது

கோழிக்கறி நாளில் இருந்து ஆரம்பிப்போம். நீங்கள் எழுதி அனுப்பிய கணக்கில் அரிசிக்கு 21 காசு, கோழிக்கு 60, காய்க்கு 30, வாழைப்பழத்துக்கு 22, எண்ணெய் வெங்காயம் மசாலாவுக்கு 12 என்று இருக்கிறது. பொருளாளர் கணக்கில் அரிசியும் பழமும் உங்களுடையதைப் போலவே. மற்ற மூன்றில்தான் வித்தியாசம்.

வெந்த கோழித்துண்டை நிறுத்தீர்கள், 60 கிராம் வந்தது. கிலோ 10 வெள்ளி என்று அதைப் பெருக்கினீர்கள். ஆனால் கோழிக்கடைக்காரர் வெந்த கோழியை நிறுத்து விற்பதில்லை. தண்ணீரும் கொழுப்பும் கறியில் இறங்கிப் போன பிறகுதான் அந்தத் துண்டு 60 கிராம். சட்டியில் போடும்போது எலும்போடு அது 90 கிராம். அறநிதி பணம் கொடுத்தது அந்த 90 கிராமுக்கு. ஆகவே 90 காசு.

காயும் அப்படித்தான். தட்டில் 50 கிராம் பயத்தங்காய் விழ வேண்டுமானால், காம்பு, நார், முற்றல் எல்லாம் கழிந்த பிறகு 50 கிராம் மிஞ்ச வேண்டும். அதற்கு 67 கிராம் வாங்க வேண்டியிருக்கிறது. கிலோ 6 வெள்ளி என்றால் 40 காசு. நீங்கள் போட்டது 30.

மசாலா, எண்ணெய், தேங்காய்ப்பால் வகையில் நீங்கள் குத்துமதிப்பாக 12 காசு போட்டிருக்கிறீர்கள். அவர் மாதம் முழுக்கச் செலவான மளிகையைச் சமைத்த தட்டுகளால் வகுத்து 22 காசு என்று எடுத்திருக்கிறார். இந்த மாதிரிச் சில்லறைச் சாமான்களுக்கு அதுதான் நம்பகமான வழி. ஒரு தட்டில் எத்தனை சொட்டு எண்ணெய் என்று யாராலும் நிறுத்துச் சொல்ல முடியாது.

கோழியில் 30, காயில் 10, மசாலாவில் 10, மொத்தம் 50 காசு. உங்கள் 1.45 அவருடைய 1.95 ஆகிவிட்டது.

இதே தவறு எதிர்த் திசையிலும் நடக்கும், கவனமாக இருங்கள். அரிசியில் நீங்கள் நல்லவேளையாகச் சமையல்காரரிடம் வேகவைக்காத அரிசியின் அளவைக் கேட்டு 80 கிராம் என்று எழுதியிருக்கிறீர்கள். தட்டில் இருந்த சோற்றை நிறுத்திருந்தால் 200 கிராம் வந்திருக்கும். உள்நாட்டு வெள்ளை அரிசியின் கட்டுப்பாட்டு விலை கிலோ 2 வெள்ளி 60 காசு. அந்த விலையில் சோற்றைப் பெருக்கினால் 52 காசு ஆகியிருக்கும், உண்மையில் 21 காசுதான். கோழி வேகும்போது எடை குறைகிறது, அரிசி தண்ணீர் குடித்து எடை கூடுகிறது. அதனால் எப்போதும் சட்டியில் போகும் முன் உள்ள எடையையே பிடித்துக்கொள்ளுங்கள்.

கோழி நாள் 1.95 என்றால் முட்டை நாள் அதைவிட மலிவு. மாதம் முழுக்கச் சேர்த்துச் சராசரியாக ஒரு தட்டுக்குப் பொருள் செலவு 1.80 என்று எடுத்திருக்கிறார். இந்த 1.80-ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

அறுபது காசு எங்கே ஏறியது

செலவை மூன்று கட்டாகப் பிரித்துப் பார்த்தால் மே மாதக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதல் கட்டு, பள்ளி நடந்தாலும் நடக்காவிட்டாலும் மாதம் பிறந்தால் கொடுக்க வேண்டியது. சமையல்காரர் சம்பளம் 1,700 வெள்ளி. அது 2025-இல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம், அதற்குக் கீழே போக முடியாது. அதோடு முதலாளி பங்காக இ.பி.எஃப். 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி. சொக்சோவும் வேலைக்காப்புறுதியும் சேர்ந்து சுமார் 32. பூச்சி மருந்து, உறைபெட்டிக்கு மின்சாரம் போன்றவை 187. அடுப்பும் உறைபெட்டியும் தேய்வதற்காக மாதம் 100 ஒதுக்கியிருக்கிறார். 6,000 வெள்ளிச் சாமான், ஐந்து ஆண்டு உழைக்கும் என்ற கணக்கு. இந்தக் கட்டு மொத்தம் 2,240 வெள்ளி.

இரண்டாவது கட்டு, அடுப்பு பற்ற வைக்கும் நாளுக்கு மட்டும் வருவது. உதவியாளர் அம்மாவுக்கு நான்கு மணி நேரக் கூலி, சந்தாக்களோடு 46 வெள்ளி. கேஸ் 14 வெள்ளி. நாளுக்கு 60.

மூன்றாவது கட்டு, தட்டுக்குத் தட்டு வருவது. 1.80 வீதம் 120 தட்டு, நாளுக்கு 216.

ஏப்ரலில் 20 நாள் சமைத்திருக்கிறார்கள். 2,240, அப்புறம் 1,200, அப்புறம் 4,320. மொத்தம் 7,760 வெள்ளி. மே மாதம் அரையாண்டு விடுமுறை குறுக்கே வந்ததால் 14 நாள்தான். 2,240, 840, 3,024, மொத்தம் 6,104. மே மாதம் மொத்தச் செலவு 1,656 வெள்ளி குறைந்திருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். ஏறியது தட்டுக் கணக்கு மட்டும்தான்.

இனி வகுத்தல். பெயர்ப்பட்டியலில் 120 பிள்ளைகள் என்பதற்காகப் பொருளாளர் 120-ஆல் வகுக்கவில்லை. ஒவ்வொரு நாளும் உண்மையில் சாப்பிட்ட பிள்ளைகளை உதவியாளர் அம்மா நோட்டில் கோடு போட்டுக் குறித்திருக்கிறார், அதால் வகுத்திருக்கிறார். ஏப்ரலில் நாளுக்குச் சராசரி 108 பேர், மொத்தம் 2,160 சாப்பாடு. மே மாதம் சராசரி 104 பேர், 1,456 சாப்பாடு. 7,760-ஐ 2,160-ஆல் வகுத்தால் 3.59. 6,104-ஐ 1,456-ஆல் வகுத்தால் 4.19.

அறுபது காசில் 44 காசு நாள் குறைந்ததால் வந்தது. அந்த 2,240 வெள்ளி ஏப்ரலில் இருபது நாள் சாப்பாட்டின் மேல் பரவியது, மே மாதம் பதினான்கு நாள் சாப்பாட்டின் மேல் விழுந்தது. மீதி 16 காசு, 108 பேர் 104 ஆனதால். மே மாதம் பல நாள் காலை மழை. மோட்டார் சைக்கிளில் பிள்ளையைக் கொண்டுவந்து விடும் பெற்றோர் அன்றைக்கு அனுப்புவதில்லை. ஆனால் 120 பேருக்கு உலை வைத்தாகிவிட்டது.

நான் பார்த்த பல குழுக்கள் பெயர்ப்பட்டியல் எண்ணால்தான் வகுக்கின்றன. அப்படிச் செய்திருந்தால் உங்கள் மே மாதம் 3.63 என்று அழகாகத் தெரிந்திருக்கும், சமைத்து வீணான சாப்பாடு கணக்குக்குள் ஒளிந்துகொண்டிருக்கும். பெரியவர் ஒளிக்கவில்லை. அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும்.

ஆனால் மாதாமாதம் இந்த எண்ணைக் கூட்டத்தில் படிப்பது நல்ல பழக்கமில்லை. டிசம்பரில் பள்ளி மூடியிருக்கும், சமையல்காரருக்குச் சம்பளம் போகும், சாப்பிட்டவர் அனேகமாக யாருமே இருக்க மாட்டார்கள். எதை எதால் வகுப்பது? ஆண்டுக் கணக்குதான் பொருத்தம். 190 பள்ளி நாள் என்று வைத்துக்கொள்வோம். மாதக் கட்டு பன்னிரண்டு மாதத்துக்கு 26,880. நாள் கட்டும் தட்டுக் கட்டும் சேர்ந்து நாளுக்கு 276, ஆண்டுக்கு 52,440. மொத்தம் 79,320 வெள்ளி. சராசரி 107 பேர் சாப்பிட்டால் 20,330 சாப்பாடு. ஒரு சாப்பாடு 3 வெள்ளி 90 காசு. நன்கொடையாளர்களிடம் சொல்ல வேண்டிய எண் இதுதான். ஏப்ரல் எண்ணைச் சொல்லிப் பணம் திரட்டினால் ஆண்டுக் கடைசியில் கையைக் கடிக்கும்.

பில்லுக்கும் கணக்குக்கும் நடுவில் 480 வெள்ளி

உங்களுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது இதுதான் என்று நினைக்கிறேன். பில் 3,504, கணக்கு 3,024. ஆனால் யோசித்துப் பாருங்கள், வாங்கியதைவிடக் குறைவாகத்தான் செலவு காட்டியிருக்கிறார். பணம் எடுக்க நினைப்பவர் பெரும்பாலும் செலவைக் கூட்டித்தான் காட்டுவார்.

நடந்தது இது. மே முதல் தேதி சாமான் அறையில் இருந்த சரக்கு 310 வெள்ளி. அந்த மாதம் வாங்கியது 3,504. மாதக் கடைசியில் மிச்சம் இருந்தது 790. 310-ஓடு 3,504-ஐக் கூட்டி 790-ஐக் கழித்தால் 3,024. வாங்கியது வேறு, சமைத்தது வேறு. பள்ளி திறந்ததும் தேவைப்படும் என்று விடுமுறைக்கு முன்பே அரிசியும் எண்ணெயும் வாங்கிப் போட்டிருக்கிறார்கள், பில் தேதியைப் பாருங்கள். அந்தப் பணம் ஜூன் மாதச் சாப்பாட்டுக்கு உரியது.

இது அத்தனையும் அந்த 790 வெள்ளிச் சரக்கு உண்மையிலேயே அங்கே இருந்தால்தான் நிற்கும். தாளை எத்தனை தடவை புரட்டினாலும் அது தெரியாது. பள்ளி திறப்பதற்கு முன் ஒரு நாள் பொருளாளரோடும் சமையல்காரரோடும் சாமான் அறைக்குப் போங்கள். சரக்குப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மூட்டைகளையும் டின்களையும் எண்ணுங்கள். பிரித்த மூட்டையைத் தராசில் வையுங்கள். மூன்று பேரும் தேதி போட்டுக் கையெழுத்திடுங்கள். இதை ஒவ்வொரு மாதக் கடைசியிலும் செய்வது அறநிதியின் வழக்கமாகட்டும், அப்படிச் செய்தால் யாரையும் சந்தேகப்பட்டதாக ஆகாது. எண்ணுகிறவர்களில் ஒருவராவது சாமான் வாங்காதவராகவும் சமைக்காதவராகவும் இருக்க வேண்டும். அது நீங்கள்தான்.

இன்னொரு சோதனையும் சொல்கிறேன், சமையலறைக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தது. 120 தட்டு, 14 நாள், தட்டுக்கு 80 கிராம். மே மாதம் 134 கிலோ அரிசி செலவாகியிருக்க வேண்டும். தொடக்க இருப்பு, வாங்கியது, மிச்சம் மூன்றையும் கிலோவில் எழுதிப் பாருங்கள். 138, 140 என்று வந்தால் கேள்வி கேட்க ஒன்றுமில்லை, கை அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். 160 வந்தால் கேளுங்கள். அப்போதும் முதல் கேள்வி 'யார் எடுத்தது' என்று இருக்கக் கூடாது. '80 கிராம் போதவில்லையா, பெரிய பிள்ளைகள் இரண்டாம் முறை வாங்குகிறார்களா' என்று கேளுங்கள். பாதி நேரம் பதில் அங்கேயே கிடைக்கும். கோழிக்கும் இப்படியே. கோழி நாளில் பில் 11 கிலோவை ஒட்டி இருக்க வேண்டும், 120 தட்டுக்கு 90 கிராம் என்றால் 10.8 கிலோ. அரிசியும் கோழியும் விலை கூடிய அல்லது அளவு கூடிய சாமான்கள். இந்த இரண்டைப் பார்த்தால் போதும், கடுகு வரைக்கும் போக வேண்டாம்.

ஒன்று மட்டும் உறுதியாகச் சொல்கிறேன். பில், சரக்குப் பட்டியல், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் பார்க்கும் உரிமை அறங்காவலர் என்ற முறையில் உங்களுக்கு இருக்கிறது. பார்க்க வேண்டிய பொறுப்பும் இருக்கிறது. நாளைக்கு ஏதாவது கேள்வி வந்தால் 'பெரியவர் பார்த்துக்கொண்டார்' என்று நீங்கள் ஒதுங்க முடியாது. தயக்கம் எனக்குப் புரிகிறது, தோட்டத்து ஊரில் எல்லாரும் ஒருவருக்கொருவர் உறவு மாதிரி. அதனால்தான் ஆளைப் பார்க்காமல் முறையைப் பற்றிப் பேசும் வழியைச் சொல்கிறேன்.

அந்தப் பதினைந்து பிள்ளைகள்

இப்போது பெரியவர் சறுக்கிய இடம். 15 பேர், ஆளுக்கு 4.19, 190 நாள். பெருக்கினால் கிட்டத்தட்ட 12,000 வெள்ளிதான். பெருக்கல் சரி, ஆனால் அந்த 4.19-க்குள் என்னென்ன இருக்கிறது என்று இப்போது உங்களுக்குத் தெரியும். சமையல்காரரின் சம்பளம் இருக்கிறது, உறைபெட்டியின் தேய்மானம் இருக்கிறது, மே மாத மழையும் விடுமுறையும்கூட இருக்கின்றன. பதினைந்து பிள்ளைகள் கூட வந்தால் சமையல்காரருக்கு இரண்டாவது சம்பளம் கொடுக்கப் போகிறோமா? பூச்சி மருந்துக்காரர் கூடக் கேட்பாரா? இல்லை. அந்த 2,240 அப்படியே இருக்கும்.

கூடப் போவது இதுதான். 15 தட்டு, தட்டுக்கு 1.80, நாளுக்கு 27 வெள்ளி. தட்டுக் கழுவுவதற்கும் பரிமாறுவதற்கும் உதவியாளர் அம்மாவுக்கு அரை மணி நேரம் கூடத் தேவைப்படும் என்று வைத்தால் சந்தாவோடு 6 வெள்ளி. நாளுக்கு 33, ஆண்டுக்கு 6,270 வெள்ளி. அவர் சொன்னதில் பாதியைச் சற்றுத் தாண்டுகிறது, அவ்வளவுதான்.

இதற்கு ஓர் எல்லை இருக்கிறது, அதையும் மறைக்கக் கூடாது. நீங்கள் அனுப்பிய குறிப்பின்படி சோற்றுப் பானை 150 பேருக்கு மேல் தாங்காது. 135 வரை இந்தக் கணக்கு நிற்கும். அடுத்த ஆண்டு இன்னும் இருபது பேரைச் சேர்க்கலாம் என்று யாராவது சொன்னால் புதிய பானை, இன்னோர் உதவியாளர் என்று மாதச் செலவே ஒரு படி ஏறிவிடும். அப்போது இதே 33 வெள்ளிக் கணக்கை எடுத்துப் பேசினால் நீங்கள் சறுக்குவீர்கள்.

6,270 வெள்ளி எங்கிருந்து வரும்? ஒரு பகுதி உங்கள் சமையலறையிலேயே இருக்கிறது. 120 சமைத்து 107 பேர் சாப்பிட்டால் நாளுக்கு 13 தட்டு வீண். அதை முழுசாக ஒழிக்க முடியாது. சமையல்காரர் விடிவதற்கு முன்பே அடுப்பு மூட்டுகிறார், ஆசிரியர் வருகைப் பதிவு எடுப்பது அதற்கு வெகு நேரம் கழித்து. ஆனால் போன இரண்டு வாரச் சராசரியை எடுத்து, கொஞ்சம் கூட வைத்து 112 என்று சமைக்கலாம். முதல் உலை நூறு பேருக்கு, வருகை எண்ணிக்கை வந்த பிறகு சின்னப் பானையில் மீதி. அவசரத்துக்கு வேகவைத்த முட்டை கையிருப்பில் இருந்தால் எந்தப் பிள்ளையும் வெறும் வயிற்றோடு போகாது. நாளுக்கு 8 தட்டு குறைத்துச் சமைத்தால் 14 வெள்ளி 40 காசு மிச்சம், ஆண்டுக்கு 2,736. அதைக் கழித்தால் அறநிதி புதிதாகத் தேட வேண்டியது 3,534 வெள்ளி.

இன்னும் ஒன்று. பதினைந்து பேரும் சேர்ந்து, வீணும் குறைந்தால் ஆண்டு மொத்தம் 82,854 ஆகும். சாப்பிடுகிறவர்கள் நாளுக்கு 120 பேர் ஆவார்கள், புதியவர்களும் மற்றவர்களைப் போலவே பத்துக்கு ஒன்பது நாள் வருவார்கள் என்ற கணக்கில். ஒரு சாப்பாடு 3 வெள்ளி 63 காசுக்கு இறங்கிவிடும். கூட்டத்தில் இதைச் சொன்னால் எல்லாரும் மகிழ்ந்து கை தூக்குவார்கள். அங்கேதான் நீங்கள் நிதானமாக இருக்க வேண்டும். சராசரி இறங்கினாலும் வங்கியில் இருந்து போகும் பணம் 3,534 வெள்ளி கூடத்தான் போகும். அந்தப் பணத்துக்கு யார் பொறுப்பு, பழைய மாணவர்களா, பக்கத்துத் தோட்ட நிர்வாகமா, கோயில் குழுவா என்று பெயர் எழுதாமல் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள். அக்டோபர் வரை கொடுத்துவிட்டு நிறுத்துவது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் கொடுமை.

பெரியவரிடம் எப்படிப் பேசுவது

கூட்டத்துக்கு முன்பே தனியாகப் போய்ப் பாருங்கள். நாலு பேர் நடுவில் வைத்துக் கேட்டால் அவருக்கு அது குற்றச்சாட்டாகத்தான் கேட்கும். கோழிக்கறி விஷயத்தில் அவர் கணக்குதான் சரி என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். அது முகத்துக்காகச் சொல்வது ஆகாது, உண்மையே அதுதான். அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "ஐயா, இந்தப் பதினைந்து பேர் வந்தால் மாதச் செலவு 2,240-இல் எது கூடும்?" தோட்ட அலுவலகத்தில் சம்பளப் பட்டியல் போட்டவர், கேள்வியைக் கேட்டதுமே அவருக்குப் பிடிபட்டுவிடும்.

இனி வரும் மாதங்களில் அவரிடம் ஒரு பக்கத் தாள் கேளுங்கள். மாதக் கட்டு, நாள் கட்டு, தட்டுக் கட்டு மூன்றும் தனித்தனி வரியில். சமைத்த நாள், சமைத்த தட்டு, சாப்பிட்டவர் எண்ணிக்கை மூன்றும் பக்கத்தில். அடியில் சரக்குத் தொடக்கம், வாங்கியது, மிச்சம். ஒரு சாப்பாட்டின் செலவு அந்த மாதத்துக்கு வேண்டாம், ஜனவரி முதல் அன்று வரை சேர்த்து ஒன்று போதும்.

ஜனவரி முதலான தாள்களில் உறைபெட்டிக்கு என்று ஒதுக்கிய மாதம் 100 வெள்ளி செலவாக எழுதப்பட்டிருக்கிறது, ஆனால் அது வங்கியில் தனியாகப் போடப்பட்டதாகத் தெரியவில்லை. அந்த உறைபெட்டி என்றாவது ஒரு நாள் நிற்கும். அந்த நூறு வெள்ளியை மாதாமாதம் வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லி அடுத்த கூட்டத்திலேயே தீர்மானம் போடுங்கள்.